25% சாம்பல் போட்டால் 87 மூட்டை 65 ஆகிவிடுமா?

இரணியல் வீட்டுக்காரன் | பிப்ரவரி 9, இரவு 9.12

மாடித் தட்டு வார்க்கப் போகிறோம். பீம் எல்லாம் சேர்த்து 12 கன மீட்டர். என்ஜினீயர் எழுதித் தந்தது எம்25 தரக் கான்கிரீட், கன மீட்டருக்கு 360 கிலோ சிமெண்ட், மொத்தம் 87 மூட்டை. இப்போது கான்ட்ராக்டர் வந்து, கால்வாசி சிமெண்டுக்குப் பதில் ஃபிளை ஆஷ் என்கிற அனல்மின் நிலையச் சாம்பல் போடலாம், 65 மூட்டை போதும், 22 மூட்டைக் காசு உங்களுக்கு மிச்சம் என்கிறார். கணக்கு சரியாகத்தான் வருகிறது, 87இல் முக்கால் 65. ஆனால் இவ்வளவு சுலபமாக மிச்சம் வரும் என்றால் எல்லாரும் செய்திருப்பார்களே என்று ஒரு சந்தேகம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கருங்கல்காரன் | பிப்ரவரி 9, இரவு 9.50

வேண்டாம் அண்ணே. நான் சாம்பல் கல்லில் சுற்றுச்சுவர் கட்டினேன், முதல் மழையிலேயே தண்ணீரைக் குடித்து உப்புப் பூத்துவிட்டது. செங்கல்லே போடுங்கள்.

இரணியல் வீட்டுக்காரன் | பிப்ரவரி 9, இரவு 9.58

கல் இல்லை அண்ணே, கான்கிரீட்டில் கலக்கிறது. சுவர் செங்கல்தான், கட்டி முடிந்துவிட்டது.

பழைய ஆர்எம்சி | பிப்ரவரி 10, காலை 7.05

கான்ட்ராக்டர் சொன்னது சரி. ரெடிமிக்ஸ் பிளாண்டில் பல வருடம் இருந்தவன் நான். 25, 30 சதவீதம் சாம்பல் போகாத லோடே கிடையாது. சிமெண்டை எடையில் எவ்வளவு எடுக்கிறோமோ அதே எடைக்குச் சாம்பல். மொத்தம் 360, அதில் 270 சிமெண்ட், 90 சாம்பல். 12 கன மீட்டருக்கு 3240 கிலோ, அதாவது 65 மூட்டை. பயப்பட ஒன்றுமில்லை.

கோட்டாறு சிவில் | பிப்ரவரி 10, மதியம் 1.30

கணக்கு சரி, இடம் தவறு. பிளாண்டில் அந்த 270 + 90 தாங்குவதற்குக் காரணம் சாம்பல் இல்லை, கூடவே ஊற்றும் அட்மிக்சர். அது தண்ணீரைக் கணிசமாகக் குறைத்துவிடும். சாம்பல் ஆரம்பத்தில் சும்மா இருக்கும் பொருள். சிமெண்ட் நீரோடு சேர்ந்து விடும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டுதான் அது வேலையைத் தொடங்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். 28 நாளில் எம்25 வேண்டும் என்றால் ஒன்று தண்ணீரைக் குறைக்க வேண்டும், இல்லை சிமெண்டும் சாம்பலும் சேர்ந்த மொத்த மாவை ஏற்ற வேண்டும்.

வீட்டு வேலையில் டிரம் மிக்சரும் குடத்துத் தண்ணீரும்தான், அட்மிக்சர் கிடையாது. அப்போது கலவைக் கணக்குக்கான ஐ.எஸ். 10262இல் காட்டியிருக்கிற வழி, மொத்தத்தைச் சுமார் 10 சதவீதம் கூட்டிவிட்டு அதில் சாம்பலைப் பிரிப்பது. 360 என்பது 396 ஆகும். அதில் கால்வாசி, 99 கிலோ சாம்பல். மீதி 297 கிலோ சிமெண்ட். தண்ணீர் பழைய 180 லிட்டரே.

297ஐ 12ஆல் பெருக்கினால் 3564 கிலோ, 72 மூட்டை. ஆக மிச்சம் 22 மூட்டை அல்ல, 15. சதவீதத்தில் பார்த்தால் 25 இல்லை, பதினேழரை. கான்ட்ராக்டர் சொன்ன 65க்கும் இந்த 72க்கும் நடுவில் இருக்கிற 7 மூட்டைதான் உங்கள் தட்டின் பலம்.

இதுவும் காகிதக் கணக்குதான். அந்தச் சாம்பலையும் அந்த மணலையும் வைத்து டிரையல் போட்டு, சோதனைக் கட்டி வார்த்து உடைத்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பழைய ஆர்எம்சி | பிப்ரவரி 10, மதியம் 2.15

அட்மிக்சர் ஒன்றும் தங்கம் இல்லை சார். நாகர்கோவிலிலேயே கேனில் கிடைக்கிறது. ஊற்றினால் 65 வந்துவிடுமே?

கோட்டாறு சிவில் | பிப்ரவரி 10, மதியம் 2.40

வரலாம். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் 150 லிட்டர் பக்கம் நிற்க வேண்டும். எம்-சாண்ட் லாரியிலிருந்து நனைந்து இறங்கும், அதில் ஒளிந்திருக்கிற தண்ணீரை யார் கழிப்பது? கலவை கொஞ்சம் இறுகினால் கையாள் ஒரு குடம் சாய்த்துவிடுவார். பிளாண்டில் ஈரமும் எடையும் மெஷின் பார்த்துக்கொள்கிறது, இங்கே கண்பார்வை.

தக்கலை கொத்தனார் | பிப்ரவரி 10, இரவு 8.20

சிவில் சார் கையாள்மேல் பழி போடுகிறார், பரவாயில்லை. உண்மையும் அதுதான்.

சாம்பல் போட்ட கலவையில் கரண்டி வைத்தால் தெரியும். வழவழ என்று ஓடும், பலகை இடுக்கில் தானாகப் போய் உட்காரும். நமக்குச் சுகம். கஷ்டம் வேறு இடத்தில். முதல் சந்தேகம், சாம்பலை அளக்கிறது எப்படி? ஒரு மூட்டை சிமெண்ட் ஒன்றேகால் கன அடிப் பெட்டி என்பது எங்களுக்குக் கைவழக்கம். அதே பெட்டியில் சாம்பலை அள்ளிப் போடச் சொல்கிறார்கள் சில கான்ட்ராக்டர்கள். சாம்பல் பஞ்சு மாதிரி, பெட்டி நிறைந்தாலும் எடை வராது.

கோட்டாறு சிவில் | பிப்ரவரி 10, இரவு 9.05

அண்ணாச்சி பிடித்தது சரியான இடம். ஒரு லிட்டர் சிமெண்ட் 1.44 கிலோ. ஒரு லிட்டர் சாம்பல் ஒரு கிலோவைத் தொடுவதே அபூர்வம், கொட்டின உடனே அளந்தால் இன்னும் குறையும். பெட்டிக்குப் பெட்டி மாற்றினால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும். அதனால் எடை, எடை, எடை.

மிக்சருக்குச் சுலபமான வழி ஒன்று சொல்கிறேன். சிமெண்ட் மூட்டையை உடைத்து முக்கால் எடுக்காதீர்கள், எவனாலும் அளக்க முடியாது. முழு மூட்டையைப் போடுங்கள், அதோடு 16.7 கிலோ சாம்பல். 50க்கு 16.7 என்பது மொத்தத்தில் கால்வாசி. மணலையும் ஜல்லியையும் அதற்கேற்ப ஏற்ற வேண்டும். ஒரு மூட்டைக்கு முன்பு சுமார் 139 லிட்டர் கான்கிரீட் வந்தது, இப்போது 168 லிட்டர் வரும். 10/7 மிக்சரில் அடங்கும், ஆனால் வாய்வரை நிற்கும். சின்ன மிக்சர் என்றால் சிந்தும்.

சாம்பலுக்கு ஒரு 20 லிட்டர் பெயிண்ட் வாளி எடுத்துக்கொள்ளுங்கள். மீன்கடைத் தராசு ஒன்றில் வைத்து 16.7இல் பாதி, 8.35 கிலோ சாம்பல் வருகிற இடத்தில் உள்ளே கோடு போடுங்கள், ஒரு மூட்டை சிமெண்டுக்கு இரண்டு வாளி. சாம்பல் மூட்டை மாறும்போது மறுபடி ஒரு தடவை நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கோடு ஏறி இறங்கும்.

இரணியல் வீட்டுக்காரன் | பிப்ரவரி 10, இரவு 9.40

நல்ல யோசனை சார். ஆனால் இப்போது ஒரு கேள்வி வருகிறது. 99 கிலோவை 12ஆல் பெருக்கினால் 1188 கிலோ சாம்பல். 50 கிலோ மூட்டையாக வந்தால் 24. 72ம் 24ம் 96. மாடிக்கு ஏற்ற வேண்டியது 87லிருந்து 96 ஆகிவிடுகிறதே! சுமைக்கூலி நான்தான் கொடுக்கிறேன்.

தக்கலை கொத்தனார் | பிப்ரவரி 10, இரவு 9.44

😂 இதைக் கான்ட்ராக்டர் சொல்லியிருக்க மாட்டார்.

பழைய ஆர்எம்சி | பிப்ரவரி 11, காலை 6.50

மூட்டை கூடினால் கான்கிரீட்டும் கூடும். சாம்பல் போட்டால் யீல்டு அதிகம், நாங்கள் கண்ணால் பார்த்தது. 12 கன மீட்டருக்குப் போட்டால் கொஞ்சம் மிஞ்சும். அதுவும் லாபம்தானே?

கோட்டாறு சிவில் | பிப்ரவரி 11, காலை 10.20

மிஞ்சுவது நிஜம். லாபம் என்பதுதான் இடிக்கிறது.

சிமெண்டின் அடர்த்தி 3.15, சாம்பல் சுமார் 2.2. பழைய கலவையில் 360 கிலோ சிமெண்ட் பிடித்த இடம் 114 லிட்டர். புதியதில் 297 கிலோ சிமெண்ட் 94 லிட்டர், 99 கிலோ சாம்பல் 45 லிட்டர், மொத்தம் 139. ஒரு கன மீட்டரில் 25 லிட்டர் கூடுதல். மணலைக் குறைக்காமல் விட்டால் கலவை அந்த அளவு பெருகும். 12 கன மீட்டருக்கு அளந்தது 12.3 ஆகும். ஆனால் சிமெண்ட் அதே சிமெண்ட்தான், அது அகலமாகப் பரவியிருக்கிறது. கன மீட்டருக்கு 297 என்று நினைத்துக்கொண்டு 290 போட்டிருப்பீர்கள்.

அதனால் மணலில் கை வைக்க வேண்டும். 25 லிட்டர் மணல் என்றால் ஏறத்தாழ 66 கிலோ, கன மீட்டருக்கு ஒன்றரைக் கன அடி. மணல்தான் குறைய வேண்டும், ஜல்லி அல்ல. சாம்பலே நைசாக இருப்பதால் மணலின் வேலையில் கொஞ்சம் அது செய்யும்.

முட்டம் கடற்கரை | பிப்ரவரி 11, மாலை 5.30

என் வீடு கடலில் இருந்து கூப்பிடு தூரம். பத்து வருடத்தில் சன்ஷேடு கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உரிந்து விழுந்தது. சாம்பல் போட்டால் உப்பு ஏறாது என்று ஒருவர் சொன்னார். நிஜமா? அப்படியென்றால் மூட்டை எண்ணிக்கையே வேண்டாம், போட்டுவிடலாம்.

கோட்டாறு சிவில் | பிப்ரவரி 11, இரவு 8.00

நிஜம், ஒரு நிபந்தனையோடு. நல்ல சாம்பலும் நல்ல நனைப்பும் சேர்ந்தால் கான்கிரீட்டின் துளைகள் நெருங்கிவிடும், உப்பு நகர்வது மெதுவாகும். நனைக்காமல் விட்டால் தலைகீழ். சாம்பல் போட்டதற்குச் சாதா கான்கிரீட்டே தேவலை என்று ஆகிவிடும். ஐ.எஸ். 456 சாம்பல் கலந்ததற்குக் குறைந்தது 10 நாள் நனைக்கச் சொல்கிறது, 14 நாள் நல்லது. உங்கள் ஊர்க் காற்றில் நான் 14தான் சொல்வேன், சணல் சாக்கு விரித்து.

மூட்டை எண்ணிக்கை வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கடலோரக் கம்பி கான்கிரீட்டுக்கு எம்30, தண்ணீர் விகிதம் 0.45, மாவு குறைந்தது 320 கிலோ. அந்த 320இல் சாம்பலையும் சேர்த்துக்கொள்ளலாம், 35 சதவீதம் வரை. அதோடு கம்பிக்கு மேல் 45 மில்லி கவர். உங்கள் சன்ஷேடில் கவர் எவ்வளவு இருந்தது என்று உரிந்த துண்டை வைத்து அளந்து பாருங்கள்.

முட்டம் கடற்கரை | பிப்ரவரி 11, இரவு 9.10

அளந்தேன். கட்டை விரல் அகலம்கூட இல்லை. அப்போ சாம்பல் பேச்சு பிறகு, முதலில் கவர் கட்டை வாங்குகிறேன்.

தோவாளைக்காரன் | பிப்ரவரி 12, காலை 11.15

குறுக்கே வருகிறேன். ஆடி மாதம் சாம்பல் கலந்து ஒரு மாட்டுக் கொட்டகைத் தளம் போட்டோம். ஆரல்வாய்மொழிக் காற்று தெரியும்தானே, நின்றால் வேட்டி பறக்கும். மட்டம் இழுத்து இரண்டு மணி நேரத்தில் மேலே வலை மாதிரி கோடுகள். சாம்பல்தான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள்.

கோட்டாறு சிவில் | பிப்ரவரி 12, மதியம் 12.50

பாதிப் பழி சாம்பலுக்கு. சாதா கான்கிரீட்டில் மேலே கொஞ்சம் தண்ணீர் ஊறி வரும், காற்று அதைக் குடித்துக்கொண்டு இருக்கும். சாம்பல் கலவையில் அது குறைவாகவும் மெதுவாகவும் வரும், காற்று நேரே மேல் தோலை உறிஞ்சிவிடும். அந்தப் பக்கம் ஆடியில் வார்த்தால் மட்டம் இழுத்த கையோடு பிளாஸ்டிக் தாள் விரித்துவிட வேண்டும். மறுநாள் வந்து தண்ணீர் ஊற்றினால் வெடித்தது ஒட்டாது.

தக்கலை கொத்தனார் | பிப்ரவரி 12, இரவு 8.30

எனக்கு சென்ட்ரிங் பிரிக்கிற நாள்தான் தலைவலி. முட்டு, பலகை எல்லாம் நாள் வாடகை. ஏழாம் நாள் பிரிக்க ஆள் வந்து நிற்பான். போன வேலையில் ஒரு சாம்பல் தட்டை அடியில் சுத்தியலால் தட்டினேன், கணீர் என்று வரவில்லை, டொக் என்றது. இன்னும் ஒரு வாரம் நிற்கட்டும் என்றேன். வீட்டுக்காரர் வாடகையைக் கணக்குப் பார்த்து முறைத்தார்.

கோட்டாறு சிவில் | பிப்ரவரி 12, இரவு 9.20

முறைத்தாலும் நிறுத்தியது சரி. நாலரை மீட்டர் வரை அகலம் உள்ள தட்டுக்கு 7 நாள் என்பது சாதா சிமெண்டுக்கு எழுதியது. நாலரைக்கு மேல் 14 நாள், பீமுக்கு ஆறு மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. சாம்பல் சேர்ந்தால் இந்த நாட்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தட்டு வார்க்கும்போதே கூட மூன்று கட்டி வார்த்து அந்த வீட்டிலேயே நனைத்து வைத்துவிட்டு, பிரிக்கிறதுக்கு முன்னால் உடைத்துப் பார்ப்பதுதான் சுத்தியலைவிட நல்ல வழி. அந்த ஒரு வார முட்டு வாடகையை 15 மூட்டை மிச்சத்தில் கழித்துவிட்டுப் பாருங்கள்.

இரணியல் வீட்டுக்காரன் | பிப்ரவரி 13, காலை 8.00

கழித்துப் பார்த்தேன். மூட்டை 400 ரூபாய் என்று வைத்தால் 15 மூட்டைக்கு 6000. அதில் 1.2 டன் சாம்பல் விலை, தூத்துக்குடியிலிருந்து வண்டி, கூடுதல் சுமைக்கூலி, ஒரு வார முட்டு வாடகை. கையில் ஒன்றும் நிற்கவில்லை. கான்ட்ராக்டரிடம் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "தெரிந்தவர் கொல்லையில் கொஞ்சம் கிடக்கிறது" என்றார்.

பழைய ஆர்எம்சி | பிப்ரவரி 13, காலை 8.25

கொல்லையிலா? அது ஆகவே ஆகாது தம்பி. இதில் சிவில் சாரோடு நான் ஒரே கட்சி. அனல்மின் நிலையத்தில் புகையிலிருந்து உலர்வாகப் பிடிக்கிற சாம்பல்தான் கான்கிரீட்டுக்கு. தண்ணீரில் கரைத்துக் குளத்தில் விடுகிற சாம்பல் பள்ளம் நிரப்பத்தான் லாயக்கு. விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள், நல்ல சாம்பல் பவுடர் மாதிரி வழுக்கும், குளத்துச் சாம்பல் நறநற என்னும், கட்டி கட்டியாக இருக்கும். கன்னங்கரேல் என்று இருந்தால் எரியாத கரி அதிகம், வார்த்த பிறகு மேலே கருப்பாக மிதந்து வரும். நாங்கள் லோடு வந்ததும் 45 மைக்ரான் சல்லடையில் கழுவிப் பார்த்துத்தான் சைலோவில் ஏற்றுவோம்.

கோட்டாறு சிவில் | பிப்ரவரி 13, மாலை 6.10

வரும் மூட்டை சாதா சிமெண்டான ஓ.பி.சி.யா, பி.பி.சி.யா என்று கேட்க மறந்துவிட்டோமே. இரணியல் நண்பர் கடையில் இறக்கிய மூட்டையை ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

இரணியல் வீட்டுக்காரன் | பிப்ரவரி 13, இரவு 7.30

படம் ஏறவில்லை. போர்ட்லண்ட் பொசலானா, ஃபிளை ஆஷ் பேஸ்டு, ஐ.எஸ். 1489 பாகம் 1 என்று இருக்கிறது. கடைக்காரர் ஓ.பி.சி. வேண்டும் என்றால் சொல்லி வைத்துத்தான் வர வேண்டும் என்கிறார்.

கோட்டாறு சிவில் | பிப்ரவரி 13, இரவு 8.15

அப்படியானால் விவகாரம் இங்கேயே முடிந்தது. உங்கள் மூட்டைக்குள் ஏற்கெனவே சாம்பல் இருக்கிறது, 15லிருந்து 35 சதவீதத்துக்குள். 30 என்று வைப்போம். அதற்கு மேல் கால்வாசி சாம்பல் கலந்தால், 100 கிலோ மாவில் 75 கிலோ பி.பி.சி., அதில் 22.5 சாம்பல். நீங்கள் சேர்த்தது 25. ஆக 47.5 கிலோ சாம்பல். பாதி! நான் மேலே போட்ட 72 மூட்டைக் கணக்கு முழுவதும் ஓ.பி.சி.க்கு. பி.பி.சி.க்கு அதை எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்.

உங்கள் என்ஜினீயர் 360 என்று எழுதியது எந்த சிமெண்டை மனதில் வைத்து என்றும் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரணியல் வீட்டுக்காரன் | பிப்ரவரி 14, காலை 9.30

கேட்டேன். பி.பி.சி.க்குத்தான் போட்டது, சாம்பல் தனியாக எதுவும் சேர்க்காதே என்றார். கான்ட்ராக்டர் காதில் விழவில்லை என்கிற மாதிரி போனை வைத்துவிட்டார்.

பழைய ஆர்எம்சி | பிப்ரவரி 14, காலை 10.05

பி.பி.சி.க்கு மேலேயும் 10 சதவீதம் போட்டு ஓட்டினவர்கள் உண்டு. கட்டி பாஸானதையும் பார்த்திருக்கிறேன்.

கோட்டாறு சிவில் | பிப்ரவரி 14, காலை 11.40

அந்த மூட்டையில் 20 சதவீதம் இருந்திருந்தால் மொத்தம் 28தான், பாஸாகும். 32 இருந்திருந்தால் 38க்கு மேல் போய்விடும். சில மூட்டைகளில் சதவீதம் அச்சடித்திருக்கும், பார்த்துவிட்டுப் பேசலாம். அச்சில்லாமல் யூகத்தில் வேண்டாம்.

இரணியல் வீட்டுக்காரன் | மார்ச் 5, இரவு 8.50

தட்டு வார்த்தாயிற்று. பி.பி.சி. 87 மூட்டை இறக்கினோம், 84 ஆயிற்று. மூன்று மிச்சம். சாம்பல் இல்லாமலே மூட்டை குறைந்துவிட்டது என்று கான்ட்ராக்டருக்குச் சிரிப்பு.

தக்கலை கொத்தனார் | மார்ச் 5, இரவு 9.15

குளியலறைப் பூச்சுக்கு ஆகும். ஈரம் படாமல் பலகை மேல் அடுக்கி வையுங்கள்.

கோட்டாறு சிவில் | மார்ச் 5, இரவு 9.40

சிரிக்கிற விஷயம் இல்லை. 84 மூட்டை என்றால் 4200 கிலோ, 360ஆல் வகுத்தால் 11.67 கன மீட்டர். ஒன்று தட்டு எங்கேயோ மெலிந்திருக்கிறது, இல்லையென்றால் ஜல்லிப் பெட்டியைக் கூம்பாக அள்ளியிருக்கிறார்கள். படிக்கட்டு ஓட்டைப் பக்கம் கனத்தை ஒரு டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். 125 மில்லிதானே வரைபடத்தில்?